கடை இரண்டு, கொள்கலன் ஒன்று

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் பட்டறையில் பதினொரு பேர் வேலை செய்கிறோம். தண்ணீர்த் தாங்கிக்கான மோட்டர் கொன்ட்ரோலர் பொருத்துவதுதான் முக்கியத் தொழில். தாங்கி நிறைந்ததும் மோட்டரை நிறுத்தும், கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டாலும் நிறுத்தும், ஒரு சாப்பாட்டுப் பெட்டி அளவேயான சாதனம். மாதம் ஏறக்குறைய 400 போகிறது. ஸ்டோரும் கொள்வனவும் என் பொறுப்பு.

சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம் ரிலே தீர்ந்தது. மோட்டருக்குக் கறண்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அதுதான். அது இல்லாமல் ஒரு பெட்டியையும் மூட முடியாது. கொழும்பு புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருவில் நாங்கள் வழமையாக எடுக்கும் கடைக்கு அழைத்தேன். முதலாளி காத்தான்குடிக்காரர், எங்களோடு நல்ல பழக்கம். "தம்பி, கண்டைனர் இன்னும் ஹாபர்லதான் கிடக்கு. பத்து நாளாவது செல்லும்" என்றார். எனக்குப் பெரிய பதற்றம் வரவில்லை, ஏனென்றால் மேசைக்கு மேலே சுவரில் இன்னொரு கடையின் இலக்கத்தை ஒட்டி வைத்திருந்தேன். அதே தெருவில் நாலு கடை தள்ளி இருப்பவர். அவரை அழைத்தேன். அவரும் பத்து நாள் என்றார். கொஞ்சம் துருவிக் கேட்டபோதுதான் விளங்கியது: இருவரும் ஒரே இறக்குமதியாளரிடம் எடுப்பவர்கள். இருவரும் காத்திருந்தது ஒரே கொள்கலனுக்கு.

அந்த அவசரத்தில் மூன்றாவது ஓரிடத்தில் 260 ரிலே வாங்கினோம். அளவு அதே, கால்கள் அதே துளையில் இறங்கின, மேலே 30A, 12V என்று அச்சடித்திருந்தது. பொருத்தி அனுப்பினோம். தை மாதம் முடிவதற்குள் 31 கொன்ட்ரோலர்கள் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் ஒரே குறை: தாங்கி நிறைந்தும் மோட்டர் நிற்கவில்லை. களுவாஞ்சிக்குடியில் ஒரு வீட்டுக்கு நானே போனேன். இரவு முழுக்கத் தண்ணீர் வழிந்து முற்றம் சேறாகிக் கிடந்தது. பெட்டியைத் திறந்து ஸ்குரூ டிரைவரின் பிடியால் ரிலேயின் தலையில் மெல்லத் தட்டினேன். 'டிக்' என்று ஒரு சத்தம், மோட்டர் நின்றது. உள்ளே இரண்டு தொடுமுனைகளும் உருகி ஒட்டியிருந்தன. தட்டியதில் பிரிந்தன.

அந்த மாரியில் நாங்கள் இரண்டு தவறு செய்திருந்தோம். இரண்டாவது கடையை இரண்டாவது வழி என்று எண்ணியது ஒன்று. துளையில் இறங்கும் பொருளை வேலை செய்யும் பொருள் என்று எண்ணியது மற்றது. மாற்று விநியோகத்தர் பற்றி நான் பிறகு கற்றுக்கொண்டதெல்லாம் இந்த இரண்டையும் சரிசெய்யப் போய்க் கற்றதுதான்.

எந்தப் பொருளுக்கு மாற்று வேண்டும்

எங்கள் கொன்ட்ரோலரின் பொருட்பட்டியலில் 38 வரிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இரண்டாவது ஆளைத் தேடினால் வாழ்நாள் போதாது, தேவையும் இல்லை. ரெசிஸ்டர், டயோட், சாதாரணக் கப்பாசிட்டர், ஸ்குரூ டெர்மினல் போன்றவற்றைப் பத்துப் பேர் செய்கிறார்கள், பத்துக் கடைகளில் கிடைக்கின்றன, விலையும் சொற்பம். அவற்றை மூன்று மாதத்துக்கு வாங்கி வைத்துவிட்டால் அந்தப் பிரச்சினை முடிந்தது.

நான் ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: இது நாளைக்கு இல்லையென்றால், போர்டைத் தொடாமல், புரோகிராமை மாற்றாமல், வேறு ஒன்றைப் போட முடியுமா? முடியாது அல்லது நிச்சயமில்லை என்று வந்தவை நாலுதான். ரிலே, 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கும் பவர் மொடியூல், புரோகிராமை ஓட்டும் மைக்ரோகொன்ட்ரோலர் சிப், பிளாஸ்டிக் பெட்டி. எங்கள் தொழில் இந்த நாலில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது அதுவரை எனக்கே தெரியாது. செலவுக் கணக்கில் பெரிய தொகையாகத் தெரிந்தவை வேறு பொருட்கள்.

பாதையைப் பின்னோக்கி நடந்து பார்த்தல்

ஒரு பொருள் எங்கள் அலமாரிக்கு வரும் பாதையில் குறைந்தது நாலு கண்ணிகள் இருக்கின்றன. செய்யும் ஆலை, இறக்குமதியாளர், கடை, பிறகு கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வீதி. எந்தக் கண்ணி அறும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றும் அறும் விதம் வேறு, அதற்கான மாற்றும் வேறு.

கடை அறுவது சின்ன விஷயம். முதலாளிக்குச் சுகமில்லை, கடன் விவகாரம், வேறு தொழிலுக்கு மாறிவிட்டார். அதற்குப் பக்கத்துக் கடை போதும். இறக்குமதியாளர் அறுந்தால் பக்கத்துக் கடை உதவாது. எங்களுக்கு நடந்தது அதுதான். ஆலை அறுந்தால் இறக்குமதியாளரை மாற்றியும் பயனில்லை. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் அல்பகர்கியில் பிலிப்ஸ் சிப் ஆலையில் மின்னலால் ஒரு சிறு தீ பிடித்தது. சில நிமிடங்களில் அணைத்துவிட்டார்கள், ஆனால் தூசு படியவே கூடாத அறைகள் புகையால் கெட்டுப்போயின. அங்கிருந்து சிப் எடுத்த நொக்கியா உடனே வேறு ஆலைகளுக்கு ஓடியது. எரிக்சனுக்கு அந்த சிப்புக்கு வேறு இடம் இருக்கவில்லை. அந்த அடியிலிருந்து அவர்களின் கைத்தொலைபேசித் தொழில் மீளவில்லை. 2021 மார்ச்சில் ஜப்பானின் ஹிட்டாச்சினாக்கா நகரில் ரெனெசாஸ் சிப் ஆலையில் தீப்பிடித்தபோது உலகெங்கும் கார் உற்பத்தி தடுமாறியதும் இதே காரணத்தால்தான். பெரியவர்களுக்கு நடந்தாலும் கல்லடிக்கும் இதே கணக்குத்தான்.

ஆகவே இரண்டாவது ஆளைத் தேடும்போது கேட்க வேண்டியது "உங்களிடம் இந்த ரிலே இருக்கிறதா" என்பதல்ல. "இதை யார் செய்தது, யார் இறக்கியது" என்பதுதான். சில கடைக்காரர்கள் சொல்லமாட்டார்கள், அது அவர்கள் தொழில் இரகசியம். அதற்குப் பெட்டியே பதில் சொல்லும். ரிலே வரும் அட்டைப்பெட்டியின் பக்கத்தில் தொகுதி இலக்கம் இருக்கும். ரிலேயின் உடம்பிலும் பெரும்பாலும் வருடத்தையும் கிழமையையும் குறிக்கும் சில இலக்கங்கள் இருக்கும். நான் இரண்டு கடையிலிருந்தும் தலா ஒரு பெட்டி வாங்கி மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே தொகுதி இலக்கம். பெட்டியில் இறக்குமதியாளர் ஒட்டிய ஸ்டிக்கர்கூட ஒரே கையெழுத்து. ஒரு முறை தற்செயலாக ஒத்துப்போகலாம். மூன்று மாதம் தொடர்ந்து ஒத்துப்போனால் இரண்டு கடையும் ஒரே குழாயின் இரண்டு பைப்புகள்.

வீதியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொழும்பில் இருப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. எங்கள் சாமான் பொலன்னறுவை, மன்னம்பிட்டி வழியாக வருகிறது. மகாவலி பெருகினால் மன்னம்பிட்டிப் பக்கம் வீதியும் ரயில் பாதையும் தண்ணீருக்குள் போய்விடும். 2011 ஜனவரி வெள்ளத்தை இங்குள்ள எவரும் மறக்கமாட்டார்கள். அப்படியான நாட்களில் பிபிலை, மகா ஓயா வழியாகச் செங்கலடிக்கு வரும் லொறிக்காரர் ஒருவரைத் தெரிந்து வைத்திருப்பதும் மாற்று விநியோகத்தர் ஏற்பாட்டின் ஒரு பகுதிதான். அதைவிட எளிது, மாரிக்கு முன், ஐப்பசி தொடக்கத்திலேயே அந்த நாலு பொருட்களையும் கூடுதலாக இறக்கிவிடுவது.

ஒரு கண்ணிக்கு மட்டும் எந்த மாற்று ஆளும் உதவமாட்டார். 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் போனபோது வங்கிகள் இறக்குமதிக்கு நாணயக் கடிதம் திறக்கவில்லை. உங்களுக்கு ஐந்து விநியோகத்தர் இருந்திருந்தாலும் ஐந்து பேரும் ஒரே நாளில் நின்றிருப்பார்கள். அந்த மாதிரி அடிக்கு அலமாரியில் இருக்கும் சரக்கு மட்டும்தான் மறுமொழி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மாற்று ஆள் இருக்கிறார் என்ற தைரியத்தில் கையிருப்பை அடியோடு குறைத்துவிடுபவர்களைக் கண்டிருக்கிறேன்.

ரிலேக்கு மாற்றைத் தேர்ந்த கதை

நாங்கள் போடுவது டீ-90 என்று சொல்லப்படும் வடிவம். இந்த வடிவத்தைப் பல ஆலைகள் செய்கின்றன, அது எங்கள் அதிர்ஷ்டம். முதல் வழி சீனாவின் நிங்போவில் உள்ள சொங்கிள் செய்யும் ரிலே, புறக்கோட்டைக் கடை மூலம். இரண்டாவது வழிக்கு சியாமெனில் உள்ள ஹொங்ஃபாவின் ரிலேயை எடுத்தோம், ஷென்சென் முகவர் ஒருவரிடமிருந்து நேரடியாக, பலருடைய சரக்கைச் சேர்த்து அனுப்பும் கப்பல் முகவர் மூலம். ஆலை வேறு, இறக்கும் ஆள் வேறு. நாடு மட்டும் ஒன்று. அதை மாற்ற எங்களால் முடியவில்லை.

ஆலை தரும் தரவுத்தாளில் முதலில் பார்த்தது, தொடுமுனைகளை இழுத்து மூடும் சுருளை. 12 வோல்ட்டில் முதல் ரிலேயின் சுருள் ஏறக்குறைய 155 ஓம், அதாவது 77 மில்லி அம்பியர் இழுக்கும். மாற்று ரிலேயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். எங்கள் பவர் மொடியூல் 3 வாட், 250 மில்லி அம்பியர் கொடுக்கும், பிரச்சினை இல்லை. இரண்டாவது, கால்கள். முதல் ரிலேயில் நாலு கால், மாற்றில் ஐந்து கால் உள்ள வகைதான் முகவரிடம் எப்போதும் இருக்கும். அடுத்த முறை போர்ட் அச்சடிக்கும்போது ஐந்தாவது துளையையும் போட்டுவிட்டோம். அதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை. ஆனால் போர்டை அச்சடிக்கக் கொடுக்கும் ஜேர்பர் கோப்புகள் எங்களிடமே இருந்ததால்தான் அது முடிந்தது. வரைந்து கொடுத்தவரிடமே கோப்பை விட்டுவைத்திருக்கும் பட்டறைகள் அந்த ஒரு ஆளிடம் மாட்டியிருக்கின்றன என்று அர்த்தம்.

மூன்றாவதுதான் எங்களை விழுத்திய இடம். ரிலேயின் மேல் எழுதியிருக்கும் 30 அம்பியர் ஹீட்டர் போன்ற சுமைக்கானது. மோட்டர் அப்படியில்லை. ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது 5 அம்பியர் அளவில் எடுக்கும், ஆனால் கிளம்பும் கணத்தில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ரிலே மூடும்போது தொடுமுனைகள் ஒரு முறை தட்டி நின்றுவிடுவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் சில தடவை துள்ளும். அந்தத் துள்ளலும் கிளம்பும் மின்னோட்டமும் ஒரே நேரத்தில் சேரும்போது முனையில் தீப்பொறி எழுந்து உலோகம் உருகுகிறது. நல்ல தரவுத்தாளில் மோட்டருக்கான குதிரைவலுவைத் தனியாக எழுதியிருப்பார்கள். தொடுமுனை என்ன உலோகம் என்பதும் இருக்கும். வெள்ளி, வெள்ளீய ஒக்சைட் கலந்தது ஒட்டுவதை நன்றாகத் தாங்கும். வெள்ளி, நிக்கல் கலந்தது இந்த மாதிரிச் சுமையில் சீக்கிரம் ஒட்டும். நாங்கள் அவசரத்தில் வாங்கிய ரிலேக்குத் தரவுத்தாளே இருக்கவில்லை.

தாளை நம்பி நிறுத்தவும் கூடாது. பின்வளவில் ஒரு பீப்பாவில் தண்ணீர் நிரப்பி, ஒரு குதிரைவலுப் பம்பை அதே பீப்பாவிலிருந்து உறிஞ்சி அதற்குள்ளேயே ஊற்றும்படி வைத்தோம். ரிலேயால் அதைத் திறந்து மூடினோம். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், மணிக்கு இருபது. அதைவிட வேகமாகச் செய்தால் கிளம்பும் சுருள் சூடேறி பம்ப்தான் முதலில் எரியும். ஒரு ரிலேக்கு 3,000 தடவை என்று வைத்தோம். ஒரு வீட்டில் நாளுக்கு இரண்டு முறை மோட்டர் போட்டால் அது நாலு வருடத்துப் பாவனை. 3,000 தடவைக்கு 150 மணித்தியாலம், ஆறு நாளுக்குக் கொஞ்சம் மேல். மூன்று ரிலேயை ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்து முடிக்க பத்தொன்பது நாள் ஆனது.

இந்தப் பத்தொன்பது நாள்தான் முழு விஷயத்தின் சாரம். அன்று எங்களுக்கு இருந்த தட்டுப்பாடு பத்து நாள். தட்டுப்பாடு வந்தபிறகு ஒரு மாற்றுப் பொருளைச் சோதிக்க ஒருபோதும் நேரம் இருக்காது. சோதித்து முடிந்து, பெயர் எழுதி, அலமாரியில் கொஞ்சமாவது இருக்கும் பொருளுக்குத்தான் மாற்று என்று பெயர்.

சோதனைக்கு முன்னும் பின்னும் தொடுமுனையின் தடையை அளந்தோம். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். மெயின் கறண்டிலிருந்து ரிலேயை முற்றாகக் கழற்றிவிட்டு, ஒரு கார் பெற்றரி, 60 வாட் ஹெட்லைட் பல்பு, ரிலேயின் தொடுமுனை மூன்றையும் தொடராக இணைத்து, சுருளுக்கு 12 வோல்ட் கொடுத்து ரிலேயை மூடினால் ஏறக்குறைய 5 அம்பியர் ஓடும். அப்போது தொடுமுனைக்குக் குறுக்கே மல்டிமீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். புதிய ரிலேயில் எங்களுக்கு 20 மில்லி வோல்ட் அளவில் காட்டியது, அதாவது 4 மில்லி ஓம். 3,000 தடவைக்குப் பிறகு 30, 35 என்று ஏறினால் பரவாயில்லை. திருப்பி வந்த ரிலேகளில் சிலவற்றை இதே முறையில் அளந்தபோது 150க்கு மேல் காட்டின, அளவும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அதே வகையில் மிச்சமிருந்த மூன்றைப் பீப்பாவில் போட்டுப் பார்த்தோம். ஆயிரம் தடவையைத் தாண்டுவதற்குள் இரண்டு ஒட்டிக்கொண்டன. அந்தச் சோதனையை முதலில் செய்திருந்தால் 31 வீடுகளில் தண்ணீர் வழிந்திருக்காது என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

மூன்று ரிலேயைச் சோதிப்பது அந்த வகை தாங்குமா என்பதைத்தான் சொல்லும். நூற்றில் ஒன்றிரண்டு கெட்டது கலந்து வரும் தொகுதியை அது பிடிக்காது. அதனால் ஒவ்வொரு தொகுதி வரும்போதும் பத்து ரிலேயை எடுத்துச் சுருளின் தடையை அளக்கிறோம், பல்புச் சோதனை செய்கிறோம், பத்தையும் சேர்த்துத் தராசில் வைத்து, முன்பு ஏற்றுக்கொண்ட பத்தின் எடையோடு ஒப்பிடுகிறோம். செம்பிலோ தொடுமுனையிலோ கை வைத்திருந்தால் எடை காட்டிக்கொடுக்கும். ஒன்றின் மூடியை வெட்டித் திறந்தும் பார்ப்போம். அரை மணித்தியால வேலை.

சிப்பின் கதை வேறு

ரிலேக்கு வடிவம் பொதுவானது. மைக்ரோகொன்ட்ரோலர் அப்படியில்லை, பெரும்பாலும் ஒரு சிப்புக்கு ஒரே ஆலைதான். நாங்கள் படிக்கும் காலத்தில் பழகிய STM32F103C8T6 சிப்பையே போட்டு வந்தோம். 2021இல் உலகெங்கும் சிப் தட்டுப்பாடு வந்தபோது அதன் விலை பல மடங்கு ஏறியது, சந்தையில் பெயர் மாற்றி அச்சடித்தவை நிறையப் புழங்கின. புரோகிராம் ஏற்றும்போது ஓபன்ஓசிடி என்ற மென்பொருள் காட்டும் அடையாள எண் ஒரு துப்பு.

```
Info : SWD DPIDR 0x2ba01477
```

உண்மையான சிப்பில் இந்த எண் 0x1ba01477. இரண்டில் தொடங்கினால் அது வேறு ஆள் செய்த நகல், அதில் சந்தேகமில்லை. ஒன்றில் தொடங்கினால் மட்டும் அசல் என்று உறுதியாகாது, ஏனென்றால் வேறு சில ஒத்த சிப்புகளும் அதே எண்ணைக் காட்டும்.

நகல் என்று மறைத்து விற்பதை வாங்கக் கூடாது. தன் சொந்தப் பெயரில் வெளிப்படையாக வரும் ஒத்த சிப்பை மாற்றாக வைப்பதில் தவறில்லை. GD32F103 அப்படியொன்று, கால்களும் அதே இடத்தில். ஆனால் எங்கள் பழைய புரோகிராமை அதில் ஏற்றியபோது மோட்டர் தாமதித்துக் கிளம்ப வேண்டிய நேரம் குறைந்துவிட்டது. காரணம், ஒரு சுழற்சியை இத்தனை தடவை ஓட்டு என்று எண்ணி நேரம் பிடித்திருந்தோம். அந்த சிப் அதே கடிகார வேகத்திலும் கட்டளைகளை வேகமாக முடிக்கிறது. சிப்பின் உள்ளே இருக்கும் டைமரைக் கொண்டு நேரம் பிடிக்கும்படி எழுதியதும் இரண்டிலும் ஒன்றாக ஓடியது. மாற்று விநியோகத்தர் என்பது சில வேளைகளில் வாங்குபவரின் மேசையில் முடியாது, புரோகிராம் எழுதுபவரின் மேசைக்குப் போக வேண்டும்.

சிப் சிறியது, ஒரு வருடச் சரக்கு ஒரு இழுப்பறைக்குள் அடங்கும், ஆகவே இங்கே கையிருப்பும் ஒரு மாற்றுத்தான். வாவிக் காற்றின் ஈரம் மட்டும் கவனம். காற்றுப் புகாமல் மூடிய பையைத் திறந்தால் இந்த வகைச் சிப்பை 168 மணித்தியாலத்துக்குள் பொருத்திவிட வேண்டும் என்பது விதி. மிஞ்சியதைச் சிலிக்கா ஜெல்லோடு திரும்ப மூடி வைக்கிறோம்.

எவ்வளவு பகிர்வது, எவ்வளவு வைத்திருப்பது

சோதித்து முடித்த இரண்டாவது ஆளை அவசரத்துக்கு மட்டும் கூப்பிடுவோம் என்று விட்டுவைத்தால் அவர் அவசரத்தில் எங்களைக் கடைசி வரிசையில்தான் வைப்பார். தட்டுப்பாட்டு நேரத்தில் எல்லோரும்தான் அவரைத் தேடுவார்கள். அதனால் மாதம் 400 ரிலேயில் 280ஐ முதல் ஆளிடமும் 120ஐ இரண்டாவது ஆளிடமும் எடுக்கிறோம். பாதிக்குப் பாதி பிரித்தால் இரண்டு பக்கமும் விலைக் குறைப்பு போய்விடும்.

எங்களுக்கு முதல் ரிலே 380 ரூபாய், இரண்டாவது செலவெல்லாம் சேர்த்து 430. வித்தியாசம் 50 ரூபாய், 120க்கு மாதம் 6,000, வருடத்துக்கு 72,000. எங்கள் முதலாளி அக்கா இந்தத் தொகையைப் பார்த்துவிட்டு, "தம்பி, சும்மா இருக்கிற காசா இது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மறுபக்கத்தை எழுதிக் காட்டினேன். ஒரு கொன்ட்ரோலரில் எங்களுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 900 ரூபாய். ஒரு கிழமை வேலை நின்றால் 100 கொன்ட்ரோலர் போகாது, 90,000 ரூபாய். பதினொரு பேரின் கிழமைச் சம்பளம் அதற்கு மேல். திருத்திக் கொடுத்த 31 பெட்டிகளின் செலவையும், களுவாஞ்சிக்குடிக்கும் அக்கரைப்பற்றுக்கும் ஓடிய பெற்றோலையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அவர் கொப்பியைத் திருப்பித் தந்து, "சரி, எடு" என்றார்.

கையிருப்புக்கும் இதே போல ஒரு கணக்கு. முதல் ஆள் நின்றுவிட்டார் என்று நிச்சயமாகத் தெரிய ஐந்து நாள். இரண்டாவது ஆளிடமிருந்து முழு அளவும் கப்பலில் வந்து சேர 35 நாள். மொத்தம் 40 நாள். நாளுக்கு 13 ரிலே, 520 வேண்டும். அந்தக் காலத்தில் இரண்டாவது ஆளின் வழமையான 120 எப்படியும் வரும். மிச்சம் 400. ஆகவே 400 ரிலேக்குக் கீழே அலமாரி இறங்கக் கூடாது. ஒரு இலட்சத்து ஐம்பத்தீராயிரம் ரூபாய் அங்கே தூங்குகிறது, உண்மைதான். ஆனால் இரண்டாவது ஆளுக்கு வழமையான ஓடர் இல்லாமல் இருந்திருந்தால் 520ஐ வைத்திருக்க வேண்டும். சீனப் புத்தாண்டுக்கு இந்தக் கணக்குப் போதாது. ஆலைகள் இரண்டு மூன்று கிழமை மூடும், திகதியும் வருடத்துக்கு வருடம் மாறும். 2025இல் ஜனவரி 29, 2026இல் பெப்ரவரி 17. வருடந்தோறும் இரண்டு வழியும் சேர்ந்து நிற்கும் காலம் அது, அதற்கு மார்கழிக்கு முன்பே கூடுதலாக ஓடர் போட்டுவிடுவோம்.

கணக்கில் தெரியாத ஒன்று கடன். புறக்கோட்டைக் கடை எங்களுக்கு 45 நாள் திகதியிட்ட செக்கில் சாமான் தருகிறது. ஷென்சென் முகவருக்கு முன்பணம் அனுப்பினால்தான் பொருள் நகரும். நாங்கள் ஒரே கடையில் தங்கியிருந்ததற்கு உண்மையான காரணம் ரிலே அல்ல, இந்தக் கடன் என்பது ஓடரைப் பிரித்தபோதுதான் விளங்கியது. மாதம் 120க்கான காசை முன்கூட்டி எடுத்துவைக்க மூன்று மாதம் பிடித்தது. அதுவரை 60 மட்டும் எடுத்தோம்.

முதல் கடைக்காரருக்கு மறைக்கவும் இல்லை. அவரே ஒருநாள் கேட்டார், "என்ன தம்பி, வேற ஆக்கள்ட்டயும் எடுக்கிறீங்க போல?" "ஓம் நானா. போன மாரியில நீங்களும் நானும் பட்டது தெரியும்தானே. உங்கட 280 மாறாது" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கொள்கலன் எப்போது கிளம்புகிறது என்பதை இனி முன்கூட்டியே சொல்வதாகச் சொன்னார். சொல்கிறார். அந்தத் தகவலுக்கு என் கணக்கில் ஐந்து நாள் பெறுமதி.

பிளாஸ்டிக் பெட்டிக்கு மட்டும் இன்னும் முழுமையான மாற்று இல்லை. அச்சு ஒன்று, அது செய்துதரும் ஆளின் இயந்திரத்தில் இருக்கிறது. அச்சுக்குப் பணம் கொடுத்தது நாங்கள் என்பதை இப்போதாவது எழுத்தில் வாங்கியிருக்கிறோம், தேவைப்பட்டால் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம். அதுவரை கடையில் கிடைக்கும் பொதுவான சந்திப்புப் பெட்டி ஒன்றுக்குள் எங்கள் போர்ட் உட்காருமாறு துளைகளை அமைத்து வைத்திருக்கிறோம். பார்வைக்கு அழகில்லை, ஆனால் அடைகிறது.

இப்போது ஒவ்வொரு கொன்ட்ரோலரின் வரிசை இலக்கத்திலும் கடைசியில் ஒரு எழுத்து இருக்கிறது. 'அ' என்றால் முதல் வழி ரிலே, 'ஆ' என்றால் இரண்டாவது. ஏதாவது திரும்பி வந்தால் மூடியைத் திறக்காமலே எந்தத் தொகுதி என்று கொப்பியில் பார்க்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாலு பொருளுக்கும் மாற்றை மட்டும் எடுத்து ஐம்பது பெட்டி செய்கிறோம். கடந்த முறை அப்படிச் செய்தபோது, மாற்றுப் பவர் மொடியூலின் கால் ஒரு மில்லிமீற்றர் குட்டையாக இருந்ததை ஈயம் வைக்கும் பிள்ளை கண்டுபிடித்தாள். போர்டின் கீழ்ப்பக்கத்தில் கால் எட்டிப் பார்க்கவே இல்லை, ஈயம் மேலோடு நின்றது. அந்த மொடியூலைத் தனியாக மேசையில் வைத்துச் சோதித்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. முகவருக்குப் படம் எடுத்து அனுப்பினோம், அடுத்த தொகுதி நீளமான காலோடு வந்தது.